புது ஆர்டர் சிஸ்டம்: குடோன் ஆட்களிடம் ஸ்கேனிங், பேக்கிங் பற்றி என்ன பேசுவது?

கேள்வி: திருப்பூரில் டி-ஷர்ட், உள்ளாடை ஆன்லைனில் விற்கும் ஒரு நிறுவனத்தின் குடோனில் சூப்பர்வைசராக இருக்கிறேன். இதுவரை பிரிண்ட் எடுத்த பட்டியலைப் பார்த்து, டிக் அடித்து, பேக் செய்து வந்தோம். வரும் திங்கள் முதல் புது ஆர்டர் சிஸ்டம், எல்லாம் ஸ்கேன் செய்துதான் போக வேண்டும். ஆறு பேக்கிங் மேசையில் வேலை செய்யும் இருபது பேருக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பு எனக்கு. மென்பொருள்காரர்கள் கொடுத்த கையேடு எனக்கே புரியவில்லை. என்ன பேசலாம் என்று எழுதிக் கொடுக்க முடியுமா?

பதில்:

உரையை முழுதாகவே கீழே தருகிறேன். அதற்கு முன் சில வார்த்தை. இருபது பேரையும் வரிசையாக நிறுத்தி வைத்துப் பேசாதீர்கள். பின்னால் நிற்பவருக்குத் திரை தெரியாது, தெரியாததைக் கேட்கவும் கூச்சப்படுவார். ஐந்தாறு பேராகப் பேக்கிங் மேசையைச் சுற்றி நிறுத்துங்கள். ஸ்கேனரும் நாலைந்து டி-ஷர்ட்டும் மேசையில் இருக்கட்டும். ஒரு குழுவுக்கு இருபது நிமிஷம் போதும்.

அடைப்புக்குறிக்குள் இருப்பது நீங்கள் செய்து காட்ட வேண்டியது. திரையில் வரும் ஆங்கில வாசகங்கள் உங்கள் மென்பொருளில் கொஞ்சம் வேறாக இருக்கலாம், அங்கே என்ன வருகிறதோ அதையே போட்டுக்கொள்ளுங்கள். எழுத்து நடையில் எழுதியிருக்கிறேன். பேசும்போது உங்கள் ஊர் வழக்கில் 'ங்க' சேர்த்துப் பேசுங்கள், இல்லாவிட்டால் செய்தி வாசிப்பது போல இருக்கும்.

ரிப்போர்ட், டாஷ்போர்டு சமாச்சாரம் எதையும் நான் சேர்க்கவில்லை. மேசையில் நிற்பவருக்கு அவை தேவையில்லை.

உரை

எல்லாருக்கும் வணக்கம். திங்கட்கிழமையிலிருந்து ஆர்டர் பேக் செய்யும் முறை மாறுகிறது. துணி அதேதான், ரேக் அதேதான், கூரியர் வண்டியும் அதே நேரத்துக்குத்தான் வரும். மாறுவது வேலையின் வரிசை.

இதுவரை அட்ரஸ் லேபிள் எல்லாம் காலையிலேயே அச்சாகிக் கட்டாக மேசைக்கு வந்துவிடும். நாம் பட்டியலைப் பார்த்துத் துணியை எடுத்து, கவரில் போட்டு, கட்டிலிருந்து லேபிளைத் தேடி ஒட்டுவோம். இனிமேல் லேபிள் முன்கூட்டி வராது. துணியோடு கூடையில் வரும் ஆர்டர் சீட்டை முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். அப்புறம் அந்த ஆர்டரில் உள்ள ஒவ்வொரு பீஸையும் ஸ்கேன் செய்ய வேண்டும். கடைசிப் பீஸ் சரியாகப் பதிவான பிறகுதான் பிரிண்டர் லேபிளையும் பில்லையும் கொடுக்கும். 

ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள்? நம்மிடம் அதிகம் நடக்கிற தப்பு என்ன என்று யோசியுங்கள். துணி சரியாகவே எடுத்திருப்போம், கவரும் சரியாகவே போட்டிருப்போம். ஆனால் மேசையில் இரண்டு பார்சல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், லேபிள் மாறி ஒட்டிவிடும். மதுரைக்குப் போக வேண்டியது சேலத்துக்கும், சேலத்துக்குப் போக வேண்டியது மதுரைக்கும் போய்விடும். இரண்டு ரிட்டன், இரண்டு பேரிடம் திட்டு. லேபிள் கடைசியில்தான் வரும் என்றால், அது வரும் நேரத்தில் மேசையில் எந்தத் துணி இருக்கிறதோ அதற்குத்தான் அந்த லேபிள்.

ஆனால் இது பலிக்க வேண்டுமானால் ஒரு மேசையில் ஒரே ஆர்டர்தான் இருக்க வேண்டும். இதைத்தான் நான் இன்று ரொம்ப அழுத்திச் சொல்லப்போகிறேன். நாலு ஆர்டரையும் முதலில் ஸ்கேன் செய்து வைத்துவிட்டு, நாலு லேபிளையும் சேர்த்து எடுத்து, அப்புறம் உட்கார்ந்து ஒட்டலாம் என்று யாருக்காவது தோன்றும். வேகமாகப் போகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் அப்படிச் செய்தால் பழைய லேபிள் கட்டு மறுபடி மேசைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு லேபிள் வந்தால் அதை ஒட்டி, பார்சலைக் கூரியர் கூடையில் போட்ட பிறகுதான் அடுத்த ஆர்டர் சீட்டைத் தொட வேண்டும்.

சரி, இப்போது ஸ்கேனரைப் பார்ப்போம்.

(ஸ்கேனரைக் கையில் எடுத்து, மேசையில் உள்ள ஏதாவது ஒரு பார்கோடை ஸ்கேன் செய்யுங்கள். தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பாக்கெட் எதுவானாலும் சரி.)

பீப் சத்தம் கேட்டதா? நான் ஸ்கேன் செய்தது பிஸ்கட் பாக்கெட். அதற்கும் பீப் வருகிறது. பீப் என்றால் ஸ்கேனர் கோடுகளைப் படித்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். அது சரியான பொருளா, இந்த ஆர்டருக்கு உரியதா என்று ஸ்கேனருக்குத் தெரியாது. அதைச் சொல்வது திரை. திரையில் அந்த வரி பச்சையானால்தான் சிஸ்டம் ஏற்றுக்கொண்டது. இங்கே ஆறு மேசை, ஆறு ஸ்கேனர். பக்கத்து மேசை பீப்பை நம்முடையது என்று நினைத்துக் கவரில் போட்டுவிடுவோம். அதனால் காது வேண்டாம், கண்தான். பச்சையைப் பார்த்த பிறகு பீஸைக் கவர் பக்கம் தள்ளுங்கள்.

பீப் வந்தும் பச்சையோ சிவப்போ எதுவுமே வரவில்லை என்றால் என்ன? பெரும்பாலும் கர்சர் வேறு இடத்தில் இருக்கும். இந்த ஸ்கேனர் கம்ப்யூட்டருக்கு ஒரு கீபோர்டு மாதிரிதான். பார்கோடில் உள்ள எண்ணை டைப் செய்து என்டர் தட்டும், அவ்வளவுதான். கர்சர் எங்கே துடித்துக்கொண்டிருக்கிறதோ அங்கே போய் விழும். வாட்ஸ்அப் திறந்திருந்தால் யாருக்கோ பதின்மூன்று இலக்க எண் மெசேஜாகப் போகும். நிஜமாகவே நடக்கக்கூடிய கூத்து இது. அதனால் பேக்கிங் கம்ப்யூட்டரில் வேறு எதுவும் திறக்காதீர்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் ஸ்கேன் கட்டத்தில் மவுஸால் ஒரு முறை தட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

அடுத்தது முக்கியம். ஒரு பீஸுக்கு ஒரு ஸ்கேன்.

(ஒரே மாதிரி கறுப்பு டி-ஷர்ட் இரண்டை மேசையில் வையுங்கள். மேலே M, கீழே L. அளவைச் சொல்லாதீர்கள்.)

ஆர்டரில் கறுப்பு ரவுண்டு நெக், M, இரண்டு பீஸ் கேட்டிருக்கிறார்கள். என் கையில் இரண்டு இருக்கிறது. நான் என்ன செய்கிறேன் பாருங்கள். மேலே இருப்பதை ஒரு தட்டு, அதையே இன்னொரு தட்டு. திரை பச்சை, இரண்டும் முடிந்தது, லேபிளும் வந்துவிட்டது. எவ்வளவு வேகம்!

(இப்போது கீழே இருந்த டி-ஷர்ட்டை எடுத்து, காலரில் உள்ள அளவை ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.)

L. இது பக்கத்து டப்பாவிலிருந்து வந்து கலந்திருக்கிறது. நான் இதைத் தனியாக ஸ்கேன் செய்திருந்தால் சிஸ்டம் சிவப்பு காட்டியிருக்கும். மேலே உள்ளதையே இரண்டு முறை அடித்ததால் பிடிபடாமல் போகிறது.

இதோடு முடிந்துவிடாது, கேளுங்கள். ரேக்கில் M 9 பீஸ், L 5 பீஸ் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். நான் அனுப்பியது M ஒன்று, L ஒன்று. ரேக்கில் மீதி M 8, L 4. ஆனால் சிஸ்டத்திடம் நான் சொன்னது M இரண்டு என்று. அதனால் அதன் கணக்கில் M 7, L 5. அந்த L வாடிக்கையாளரிடமிருந்து ரிட்டன் வந்தாலும் கணக்கு நேராகாது. ரிட்டன் ஸ்கேன் செய்து ரேக்கில் வைத்தால் சிஸ்டத்தில் 6, ரேக்கில் 5. ஒன்று எப்போதும் இடிக்கும்.

கொஞ்ச நாளில் L எல்லாம் விற்றுவிடும். ரேக் காலி. சிஸ்டம் மட்டும் இன்னும் ஒன்று இருக்கிறது என்று சொல்லும். யாரோ ஒருவர் ஆர்டர் போட்டுப் பணமும் கட்டுவார். பீஸ் எடுக்கப் போகிறவர் அந்த டப்பாவில் தேடுவார், கீழ் டப்பாவில் தேடுவார், பக்கத்து வரிசையில் தேடுவார். கடைசியில் ஆர்டர் ரத்து. அந்தப் பக்கம் M ஒரு பீஸ் ரேக்கில் சும்மா கிடக்கும். சிஸ்டம் அதைக் காலி என்று நினைப்பதால் யாராலும் வாங்க முடியாது. ஒரு தட்டு மிச்சம் பிடித்ததில் ஒரு ரிட்டன், ஒரு ரத்து, விற்காத ஒரு பீஸ்.

அதனால் நான்கு பீஸ் ஆர்டர் என்றால் நான்கு பீஸையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அதனதன் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்கேன் செய்யாதது மேசையின் இடது பக்கம், செய்தது வலது பக்கம். இடது பக்கம் காலியாகும்போது லேபிள் வர வேண்டும். இடது பக்கம் காலியாகியும் லேபிள் வரவில்லை என்றால் ஒரு பீஸ் குறைகிறது. லேபிள் வந்தும் இடது பக்கம் ஒன்று மிச்சம் இருந்தால், ஏதோ ஒன்றை இரண்டு முறை அடித்துவிட்டீர்கள், அல்லது கூடையில் ஒன்று அதிகமாக வந்திருக்கிறது. இரண்டு விதத்திலும் பார்சலை ஒட்டாமல் என்னைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிஸ்டம் பார்ப்பது ஸ்டிக்கரை மட்டும். உள்ளே இருக்கும் துணியை அது பார்க்காது. ரிட்டன் வந்து மறுபடி கவர் மாற்றிய பீஸில், கவர் ஸ்டிக்கர் M என்றும் காலரில் L என்றும் இருக்கலாம். சிஸ்டம் சந்தோஷமாகப் பச்சை காட்டும். கவர் வழியாகக் காலர் லேபிள் தெரியும், ஒரு பார்வை பாருங்கள். கறுப்பும் நேவி ப்ளூவும் டியூப் லைட்டில் ஒன்று போலவே இருக்கும், அதையும் பாருங்கள். கறை, கிழிசல் பார்க்கிற வேலையும் நமக்குத்தான். அதைச் சிஸ்டம் எடுத்துக்கொள்ளாது.

இப்போது மூன்று பீஸ் பாக்கெட். இதில் நிறையப் பேருக்குக் குழப்பம் வரும் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

(மூன்று பனியன் கொண்ட ஒரு பாக்கெட்டை எடுத்துக் காட்டுங்கள்.)

இந்தப் பாக்கெட்டின் வெளியே ஒரு பார்கோடு. உள்ளே ஒவ்வொரு பனியன் அட்டையிலும் இன்னொரு பார்கோடு. இந்தப் பாக்கெட்டுகள் வந்த பெரிய அட்டைப்பெட்டியின் மேல் மூன்றாவதாக ஒரு பார்கோடு. மூன்றும் வேறு வேறு. வெளிப் பாக்கெட் பார்கோடு என்றால் 'மூன்று பனியன் கொண்ட ஒரு பாக்கெட்' என்று அர்த்தம். உள்ளே இருப்பது தனிப் பனியன். பெட்டியின் மேல் இருப்பது முழுப் பெட்டி, அதைப் பேக்கிங் மேசையில் தொடவே வேண்டாம். அது சரக்கு உள்ளே வரும்போது பயன்படுவது.

திரையில் `Pack of 3, Qty 1` என்று வந்தால் ஒரு பாக்கெட், ஒரு ஸ்கேன். `Pack of 3, Qty 3` என்று வந்தால் மூன்று பாக்கெட், மூன்று ஸ்கேன், மொத்தம் ஒன்பது பனியன். இதை மூன்று பனியன் என்று நினைத்து ஒரு பாக்கெட் மட்டும் எடுத்து வருவது சகஜம். தனிப் பனியன் கேட்டு ஆர்டர் வந்திருக்கிறது, தனிப் பீஸ் டப்பா காலி என்றால், பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை எடுத்து அனுப்பாதீர்கள். துணி ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் சிஸ்டத்தில் ஒரு பாக்கெட் அப்படியே இருக்கும், ரேக்கில் பிரித்த இரண்டு பனியன் கிடக்கும். பிரிப்பதானால் சிஸ்டத்தில் பாக்கெட்டைக் கழித்துத் தனிப் பீஸாகச் சேர்க்க வேண்டும். அதை நான் செய்து தருகிறேன், கூப்பிடுங்கள்.

அடுத்து, சிவப்பு. சிவப்பு வந்தால் யாரும் பயப்பட வேண்டாம். தப்பு வெளியே போகாமல் மேசையிலேயே நின்றது என்றுதான் அர்த்தம். நமக்கு வருவது பெரும்பாலும் மூன்று சிவப்புதான்.

`Item not in order` என்று வந்தால், கையில் இருப்பது இந்த ஆர்டருக்கு உரியது இல்லை. அளவோ நிறமோ மாறியிருக்கும். அதைத் தனியாக வையுங்கள், சரியான பீஸ் வரும்வரை ஆர்டரை முடிக்காதீர்கள். கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொன்றைப் போட்டு அனுப்புவது இனி நடக்காது. லேபிளே வராது.

`Quantity already complete` என்றால் கேட்ட அளவு முடிந்துவிட்டது, நீங்கள் கூடுதலாக ஒன்றை ஸ்கேன் செய்கிறீர்கள். மேசையில் இருப்பதை எண்ணிப் பாருங்கள்.

`Order cancelled` என்பதுதான் நமக்குப் புதுசு. காலையில் ஆர்டர் போட்டவர் மத்தியானம் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். பட்டியல் தாளுக்கு அது தெரியாது. நாமும் பேக் செய்து அனுப்பிவிடுவோம், அது போய்த் திரும்பி வரும். போகிற கூரியர் காசும் நம்முடையது, வருகிறதும் நம்முடையது. இனி ஆர்டர் சீட்டை ஸ்கேன் செய்த உடனே சொல்லிவிடும். அப்படி வந்தால் அந்தக் கூடையை அப்படியே சிவப்பு ரேக்கில் வையுங்கள். நீங்களே கொண்டுபோய் டப்பாவில் போட்டுவிடாதீர்கள். அந்தப் பீஸ்களை ரேக்குக்குத் திரும்ப ஸ்கேன் செய்துதான் வைக்க வேண்டும். அதற்கென ஒருவர் இருப்பார்.

இனி பேக்கிங். இதில் உங்களுக்கு நான் புதிதாகச் சொல்லித்தர ஒன்றுமில்லை, இரண்டு விஷயம் மட்டும் மாறுகிறது.

ஒன்று, எந்தக் கவர் என்பதைத் திரை சொல்லும். அந்தக் கவரையே எடுங்கள். சின்னக் கவர் தீர்ந்துவிட்டது என்று பெட்டியில் போட்டால் எவ்வளவு இழப்பு தெரியுமா? மூன்று டி-ஷர்ட் ஏறக்குறைய 600 கிராம்தான் வரும். ஆனால் கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, அடைக்கிற இடத்தையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். 40க்கு 30க்கு 20 பெட்டி என்றால் 24,000. வகுத்தால் 4.8 கிலோ. 600 கிராம் துணிக்குக் கிட்டத்தட்ட ஐந்து கிலோவுக்குக் காசு கட்டுவோம். கவர் தீர்ந்தால் என்னிடம் கேளுங்கள், பெட்டிக்குப் போகாதீர்கள்.

பார்சலைத் தராசில் வைப்பதும் வேலையில் ஒரு பகுதி. அது கூரியருக்காக மட்டும் இல்லை. மூன்று டி-ஷர்ட் பார்சல் 400 கிராம் காட்டினால் ஒன்று மேசையிலேயே கிடக்கிறது, டேப் ஒட்டுவதற்கு முன் கீழே பாருங்கள்.

இரண்டாவது, லேபிள்.

(புது லேபிள் ஒன்றை எடுத்து, ஓரத்தில் நகத்தால் அழுத்தி வேகமாகக் கீறிக் காட்டுங்கள். கறுப்புக் கோடு விழும்.)

பார்த்தீர்களா, இதில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் தாள் இது. பிரிண்டர் சூட்டால்தான் எழுதுகிறது. அதனால் வெயில் விழும் ஜன்னல் ஓரத்திலோ, சூடான மெஷின் மேலேயோ லேபிள் ரோலையும் ஒட்டிய பார்சலையும் வைக்கக் கூடாது. தாள் கறுத்துவிடும் அல்லது எழுத்து மங்கிவிடும். பார்கோடு மேல் டேப் ஒட்டாதீர்கள். பளபளப்பில் ஸ்கேனர் தடுமாறும், சில டேப்பின் பசை நாளடைவில் எழுத்தையே அழித்துவிடும். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் ஒட்டுகிறோம், ஆனால் வேண்டாம். லேபிளைக் கவரின் தட்டையான பக்கத்தில் ஒட்டுங்கள். ஓரத்தில் மடங்கினால் கோடு வளைந்துவிடும், படிக்காது. சுருக்கமும் விழக் கூடாது.

லேபிள் கிழிந்தால், கோணலாக வந்தால், நீங்களாக இன்னொரு முறை பிரிண்ட் எடுக்காதீர்கள். ஒரே எண்ணில் இரண்டு லேபிள் குடோனில் இருந்தால் இரண்டும் இரண்டு பார்சலில் ஏறிவிடும். கெட்டுப்போன லேபிளை என்னிடம் கொண்டு வாருங்கள். அதைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் புதுசு எடுத்துத் தருவேன்.

ஒட்டிய பார்சலைக் கூரியர் கூடையில் போடும்போது லேபிளை இன்னொரு முறை ஸ்கேன் செய்ய வேண்டும். அப்போதுதான் இன்றைக்கு இந்தக் கூரியரிடம் எத்தனை பார்சல் கொடுத்தோம் என்ற பட்டியல் தயாராகும். கூரியர்காரர் எண்ணிப் பார்த்து அதில் கையெழுத்துப் போடுவார். ஸ்கேன் செய்யாமல் தூக்கிப் போட்ட பார்சல் அந்தப் பட்டியலில் இருக்காது. வழியில் தொலைந்தால், கொடுக்கவே இல்லை என்று அவர் சொல்லிவிடலாம். நம்மிடம் பதில் இருக்காது.

ஸ்டிக்கர் அழுக்காகி, கசங்கிப் படிக்கவில்லை என்றால் கவரை இழுத்து நேராக்கி, ஸ்கேனரைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பளபளப்பால் நேராகப் பிடித்தால் சில நேரம் படிக்காது, சாய்த்தால் படித்துவிடும். அப்படியும் வரவில்லையா, அந்தப் பீஸைத் தனியாக வைத்துவிட்டு இன்னொரு பீஸை எடுத்து வரச் சொல்லுங்கள். பக்கத்தில் உள்ள வேறு பீஸின் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்து இதை உள்ளே போடாதீர்கள். அதே அளவு, அதே நிறமாக இருந்தாலும் வேண்டாம். இன்றைக்குச் சரியாக இருக்கும், அந்தப் பழக்கம் வந்துவிட்டால் நாளைக்கு மாறிவிடும்.

நெட் போய்விட்டால் திரை சுற்றிக்கொண்டே நிற்கும். அப்போது திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்யாதீர்கள். நெட் வந்தவுடன் எல்லாம் சேர்ந்து விழுந்தாலும் விழும். கையில் உள்ள ஆர்டரை அப்படியே நிறுத்தி, என்னிடம் சொல்லுங்கள். நெட் வந்தபின், அந்த ஆர்டரை முதலிலிருந்து ஆரம்பித்து எல்லாப் பீஸையும் மறுபடி ஸ்கேன் செய்யலாம்.

கடைசியாக, உங்கள் மனதில் ஓடுவதை நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், யார் எந்த ஆர்டரை எத்தனை மணிக்குப் பேக் செய்தார் என்று சிஸ்டத்தில் இருக்கும். மறைக்க ஒன்றுமில்லை. அதனால்தான் ஒவ்வொருவரும் தங்கள் பெயரில் லாகின் செய்ய வேண்டும். டீ குடிக்கப் போகும்போது லாக் அவுட் செய்துவிட்டுப் போங்கள். உங்கள் பெயரில் வேறு ஒருவர் பேக் செய்து தப்பு வந்தால், கேள்வி உங்களிடம்தான் வரும். முதல் வாரம் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். (இந்த இடத்தில் நிர்வாகம் என்ன முடிவு செய்திருக்கிறதோ அதை அப்படியே சொல்லுங்கள்: முதல் வாரம் டார்கெட் உண்டா, இல்லையா, ஓவர்டைம் எப்படி.)

இப்போது ஒவ்வொருவராக வந்து ஒரு ஆர்டர் பேக் செய்து காட்டுங்கள். நான் பக்கத்திலேயே இருக்கிறேன்.

உரை முடிந்தது. இனி உங்களுக்கு மட்டும்

பழகிப் பார்க்க வைக்கும் கூடைகளில் வேண்டுமென்றே தப்பு வையுங்கள். ஒன்றில் அளவு மாறிய பீஸ், ஒன்றில் மூன்று பாக்கெட் கேட்டிருக்க ஒரு பாக்கெட், ஒன்று ரத்தான ஆர்டர், ஒன்றில் கவர் ஸ்டிக்கர் M, காலர் L. நாலாவதைச் சிஸ்டம் பிடிக்காது, கண்தான் பிடிக்க வேண்டும். யார் யார் பிடிக்கிறார்கள் என்று பார்த்தால், யார் பக்கத்தில் முதல் இரண்டு நாள் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். டெஸ்ட் ஆர்டரை எப்படிப் போடுவது என்று மென்பொருள்காரர்களிடம் முன்பே கேட்டு வையுங்கள். உண்மையான ஸ்டாக்கில் அது கழியக் கூடாது.

அமைப்புகளில் மூன்றை அவர்களிடம் கேளுங்கள். பேக்கிங் திரையில் எண்ணிக்கையைக் கையால் டைப் செய்யும் கட்டம் இருந்தால், பேக் செய்பவர்களுக்கு அதை மூடிவிடச் சொல்லுங்கள். அது திறந்திருந்தால் 'ஒரு பீஸுக்கு ஒரு ஸ்கேன்' என்று நீங்கள் எவ்வளவு பேசினாலும் இரண்டாம் நாளே 2 என்று அடித்துவிட்டுப் போவார்கள். கர்சர் அந்தக் கட்டத்தில் நிற்கும்போது ஸ்கேன் செய்தால் பதின்மூன்று இலக்கம் எண்ணிக்கையாகவும் விழும். ஸ்கேனர் என்டர் சேர்த்து அனுப்புகிறதா என்பதை ஆறு மேசையிலும் தனித்தனியாகப் பாருங்கள், ஸ்கேனருக்கு ஸ்கேனர் மாறும். ஸ்டாண்டில் நிறுத்தித் தானாகப் படிக்கும் ஸ்கேனர் என்றால், ஒரே பார்கோடை உடனே மறுபடி படிக்காமல் கொஞ்சம் இடைவெளி விடும் அமைப்பு அதில் இருக்கும். அது மிகக் குறைவாக இருந்தால் யாரும் தப்பு செய்யாமலே ஒரு பீஸ் இரண்டாக விழும்.

பேச்சைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. திங்கட்கிழமைக்கு முன் ஸ்டாக்கை எண்ணி ஏற்றியாக வேண்டும். பழைய எக்செல் கணக்கை அப்படியே புது சிஸ்டத்தில் கொட்டினால், முதல் நாளே இல்லாத பீஸுக்கெல்லாம் ஆர்டர் வரும். தப்பு பழைய கணக்கில் இருக்கும், திட்டு ஸ்கேன் செய்கிறவருக்கு விழும். 'சிஸ்டமே சரியில்லை' என்று ஒரு பேச்சு எழுந்தால், பிறகு சிவப்பு வந்தாலும் யாரும் மதிக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் எண்ண நேரமில்லை என்றால், அதிகம் விற்கும் ரகங்களையாவது ஞாயிற்றுக்கிழமை டப்பா டப்பாவாக ஸ்கேன் செய்து எண்ணிவிடுங்கள். மற்றவற்றை அந்த வாரத்துக்குள் வரிசை வரிசையாக முடிக்கலாம்.

முதல் வாரத்தில் தினமும் சாயங்காலம் சிஸ்டத்தின் ஸ்கேன் பதிவில் ஒன்றைப் பாருங்கள். ஒரே ஆர்டரில் ஒரே பார்கோடு ஒரு வினாடிக்குள் இரண்டு முறை விழுந்திருக்கிறதா? ஒரு பீஸைக் கீழே வைத்து, அடுத்ததைக் கையில் எடுத்து, ஸ்டிக்கரைத் தேடித் திருப்புவதற்கு அந்த நேரம் போதாது. அங்கே யாரோ மேலே இருப்பதையே இரண்டு தட்டு தட்டுகிறார். அந்த நபரைக் கூப்பிட்டுத் திட்டுவதற்கு முன், அவருடைய மேசைக்குப் போய்ப் பாருங்கள். ஸ்டிக்கர் கவரின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருப்பதால் ஒவ்வொன்றையும் புரட்ட வேண்டியிருக்கிறதா, மேசை சின்னதாக இருப்பதால் இடது, வலது பிரித்து வைக்க இடமில்லையா என்று பாருங்கள். ஸ்டிக்கர் இடம்தான் காரணம் என்றால், பாக்கெட் போடும் யூனிட்டில் சொல்லி மேல் பக்கம் ஒட்ட வைப்பதுதான் வழி. அதுவரை, கூடையில் அடுக்கும்போதே ஸ்டிக்கர் மேலே தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லிப் பீஸ் எடுப்பவர்களிடம் தனியாக ஐந்து நிமிஷம் பேசிவிடுங்கள்.